84 மதிப்பெண் டெட் சான்றிதழ் இன்னும் செல்லுமா?

*நான் 2013-ல் ஆசிரியர் தகுதித் தேர்வு தாள் 1-ல் 84 மதிப்பெண் எடுத்துப் பாஸ் செய்தேன். சான்றிதழில் 7 வருடம்தான் செல்லும் என்று போட்டிருக்கிறது. வேலை கிடைக்கவில்லை. இப்போது வயது 41. பிற்படுத்தப்பட்ட வகுப்பு. சர்டிபிகேட் எல்லாவற்றிலும் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். 5-ம் வகுப்பு வரை தெலுங்கு மீடியம், பிறகு டி.டி.எட். வரை தமிழ் மீடியம். சாதிச் சான்றிதழ் 2001-ல் வாங்கியது, தருமபுரி மாவட்டம் என்று இருக்கிறது. மார்க் கம்மி என்பதால் டெட்டைத் திரும்ப எழுதச் சொல்கிறார்கள். எழுத வேண்டுமா? பழைய சான்றிதழை வைத்தே இடைநிலை ஆசிரியர் வேலைக்குப் போக முடியுமா?*
*— ஒரு வாசகி, சூளகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்*

திரும்ப எழுத வேண்டாம். உங்கள் சான்றிதழ் செல்லும். ஆனால் 84 என்ற அந்த எண் உங்கள் சாதிச் சான்றிதழின் மேல் சாய்ந்து நிற்கிறது. அதைச் சரியாக வைத்துக்கொள்வதுதான் உங்களுக்கு முதல் வேலை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 7 வருடக் கணக்கை முடித்துவிடுவோம்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 11.02.2011 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில், டெட் தேர்ச்சி அதிகபட்சம் 7 ஆண்டுகள் செல்லும் என்று இருந்தது. உங்கள் சான்றிதழில் அச்சாகியிருக்கும் வரி அங்கிருந்து வந்ததுதான். அதே குழுமம் பின்னால் அந்த வரம்பை நீக்க முடிவெடுத்தது. 2021 ஜூன் 3-ம் தேதி மத்திய கல்வி அமைச்சகம் அதை அறிவித்தது. ஜூன் 9-ம் தேதி எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் போனது. அந்த அறிவிப்பில் கவனிக்க வேண்டியது, இது 2011-லிருந்தே பொருந்தும் என்பது. 7 ஆண்டு ஏற்கெனவே முடிந்துபோனவர்களின் தேர்ச்சியும் உயிர் பெற்றது. உங்களுடையது இடையில் காலாவதியானதாக நினைத்திருப்பீர்கள். இன்றைய கணக்கில் அது ஒருநாளும் காலாவதியாகவில்லை.

அச்சில் இருக்கும் 7 ஆண்டு வரியை அழிக்கவோ, பேனாவால் திருத்தவோ கூடாது. சிலர் அந்த வரி மறையும்படி நகல் எடுத்துப் பதிவேற்றுகிறார்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் மூலத்தையும் நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், வீண் சந்தேகம் வரும். உள்ளது உள்ளபடியே முழுப் பக்கமாக ஸ்கேன் செய்யுங்கள். தெரியாத அதிகாரி யாராவது கேட்டால் காட்டுவதற்கு 09.06.2021 தேதியிட்ட அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று உங்கள் கோப்பில் இருக்கட்டும். தனியார் பள்ளி அலுவலகங்களில்தான் இந்தக் கேள்வி இன்னும் அதிகம் வருகிறது. தேர்வு வாரியத்தில் இதைப் பற்றி யாரும் வாதாடுவதில்லை.

இப்போது 84-க்கு வருவோம்.

2013 ஆகஸ்ட் 17-ம் தேதி நீங்கள் தாள் 1 எழுதியபோது தேர்ச்சி மதிப்பெண் எல்லாருக்கும் 60 சதவீதம், அதாவது 150-க்கு 90. அதன்படி முதலில் வந்த முடிவில் உங்கள் பெயர் இருந்திருக்காது. 2014 பிப்ரவரி 6-ம் தேதி பள்ளிக் கல்வித் துறை அரசாணை எண் 25-ஐ வெளியிட்டது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தேர்ச்சி வரம்பு 55 சதவீதமாகக் குறைந்தது. 150-ல் 55 சதவீதம் 82.5. அதை 82 என்று முழுமையாக்கினார்கள். ஏற்கெனவே நடந்து முடிந்த 2013 தேர்வுக்கும் இது பொருந்தும் என்று ஆணையில் சொல்லியிருந்ததால் 82 முதல் 89 வரை எடுத்தவர்கள் பின்னால் தேர்ச்சி பெற்றார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இந்தத் தளர்வை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 நவம்பரில் தளர்வு சரிதான் என்று தீர்ப்பானது. ஆகவே, 84 அரைகுறைத் தேர்ச்சி, பின்னால் சிக்கல் வரும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 90-க்கு மேல் எடுத்தவருக்குச் சாதிச் சான்றிதழில் கோளாறு வந்தால் இடஒதுக்கீடு மட்டும்தான் போகும். அவர் பொதுப் பிரிவில் போட்டியில் தொடர்வார். உங்களுக்கு அப்படியில்லை. சரிபார்ப்பில் உங்கள் சாதிச் சான்றிதழை ஏற்காமல் பொதுப் பிரிவில் வைத்தால் 84 என்பது தேர்ச்சியே இல்லாமல் போகும். போட்டித் தேர்வில் எத்தனை நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாலும் அடிப்படைத் தகுதியே இல்லை என்று பெயர் நீங்கிவிடும். ஒரே காகிதத்தின் குறை இரண்டு கதவையும் சேர்த்துச் சாத்திவிடும்.

திருமணமான பெண்களுக்கு இந்த இடத்தில்தான் அடி விழுகிறது. சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில்தான் இருக்க வேண்டும். கணவர் பெயரைப் போட்டு வாங்கிய சான்றிதழைத் தேர்வு வாரியம் ஏற்காது, பொதுப் பிரிவினராகவே கணக்கில் எடுக்கும். கல்யாணத்துக்குப் பிறகு இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பிக்கும்போது, ஆதாரில் கணவர் பெயர் இருப்பதைப் பார்த்துப் பதிவு செய்பவர் கணவர் பெயரையே அடித்துவிடுவார். ரசீதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவோம். மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ் வரும்போதுதான் தெரியும். எனவே பதிவு செய்யும்போதே திரையைப் பார்த்து, 'தந்தை பெயர்' என்ற இடத்தில் உங்கள் அப்பா பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

உங்கள் 2001 சான்றிதழில் தருமபுரி மாவட்டம் என்று இருப்பது தவறல்ல. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ம் தேதி. அதற்கு முன் சூளகிரியில் வாங்கிய எந்தச் சான்றிதழும் தருமபுரி என்றுதான் இருக்கும். உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் எல்லாமே அப்படித்தான் இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். பழைய அட்டை செல்லாது என்றும் சட்டமில்லை. இருந்தாலும் உங்கள் நிலையில் இருப்பவர் புதிதாக ஒன்று வாங்கிவிடுவது நல்லது என்பேன். காரணம் மாவட்டப் பெயர் அல்ல. கையால் எழுதிய பழைய அட்டையில் முத்திரை மங்கியிருக்கும், கையெழுத்திட்டவர் பதவி படிக்க முடியாமல் இருக்கும், சாதியின் உட்பிரிவுப் பெயர் இன்றைய பட்டியலில் உள்ள எழுத்தோடு ஒத்துப்போகாது. மின்னணுச் சான்றிதழில் இந்தத் தொல்லை இல்லை, சரிபார்ப்பவர் இணையத்திலேயே எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்வார். விண்ணப்பத்தோடு பழைய அட்டையையும் அப்பாவின் அல்லது உடன்பிறந்தவரின் சாதிச் சான்றிதழையும் இணைத்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரணை சீக்கிரம் முடியும்.

யார் கையெழுத்து என்பதும் முக்கியம். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்புக்குத் துணை வட்டாட்சியர் நிலையில் கொடுப்பார்கள். பட்டியல் இனத்துக்கு வட்டாட்சியர். பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். அரூர், சித்தேரி பக்கம் இருந்து இதைப் படிக்கும் மலையாளி சமூகத்தினர், வட்டாட்சியர் கொடுத்த பழைய சான்றிதழ் கையில் இருந்தால் கோட்டாட்சியரிடம் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அழைப்பு வந்த பிறகு விண்ணப்பித்தால் அந்த விசாரணைக்கு நாள் போதாது.

அடுத்து, மதிப்பெண் குறைவு என்பதால் திரும்ப எழுதச் சொல்வது. இந்த யோசனை ஒரு காலத்தில் சரியாக இருந்தது. 2014-ல் அரசாணை எண் 71 வந்தபோது டெட் மதிப்பெண்ணே வேலையைத் தீர்மானித்தது. இடைநிலை ஆசிரியருக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 15, டி.டி.எட்.டுக்கு 25, டெட்டுக்கு 60 என்று நூற்றுக்குக் கணக்கிட்டார்கள். ஒருவர் பிளஸ் டூவில் 1200-க்கு 780, டி.டி.எட்.டில் 70 சதவீதம், டெட்டில் உங்களைப் போல 84 என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ 65 சதவீதம், அதற்கு 9.75. டி.டி.எட்.டுக்கு 17.5. டெட் 56 சதவீதம், அதற்கு 33.6. கூட்டினால் 60.85. டெட்டில் அவரே 99 எடுத்திருந்தால் 66 சதவீதம், 39.6, மொத்தம் 66.85 ஆகியிருக்கும். 15 கேள்விக்கு 6 புள்ளி வித்தியாசம், பட்டியலில் பல ஆயிரம் இடம் தள்ளிவிடும். உங்களுக்கு அன்று வேலை கிடைக்காமல் போனதும் இந்தக் கணக்கில்தான்.

அந்த முறை இப்போது இல்லை. 2018 ஜூலை 20-ம் தேதியிட்ட அரசாணை எண் 149 வெயிட்டேஜ் கணக்கை எடுத்துவிட்டு, டெட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு என்று தனிப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்தது. டெட் அந்தத் தேர்வை எழுதும் உரிமையை மட்டும் தரும். உள்ளே நுழைந்த பிறகு 84-ம் 120-ம் ஒன்றுதான். இதன்படி முதன்முதலாக நடந்த தேர்வுகள் 2024-ல்தான். பட்டதாரி ஆசிரியர்களுக்குப் பிப்ரவரியிலும் இடைநிலை ஆசிரியர்களுக்கு ஜூலையிலும் நடந்தன. நீங்கள் அதற்கு விண்ணப்பித்திருக்கலாம். பழைய சான்றிதழ் காலாவதி என்று நினைத்து விட்டுவிட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. இந்தப் பக்கத்தில் பலர் அப்படித்தான் விட்டார்கள். இத்தனைக்கும் இடைநிலை ஆசிரியர் காலியிடம் வழக்கமாக அதிகம் இருக்கும் மாவட்டங்களில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்த்தி.

அந்தத் தேர்வில் இரண்டு பகுதி. பகுதி 'அ' கட்டாயத் தமிழ், 50 மதிப்பெண். அதில் 20 எடுத்தால்தான் பகுதி 'ஆ' விடைத்தாளைத் திருத்துவார்கள், ஆனால் தமிழ் மதிப்பெண் தரவரிசையில் சேராது. பகுதி 'ஆ' 150 கேள்விகள், 150 மதிப்பெண். தரவரிசை அதிலிருந்துதான். அதோடு டெட் தேர்ச்சி பெற்ற ஆண்டைப் பொறுத்துச் சிறு கூடுதல் மதிப்பெண் ஒன்றும் உண்டு. முன்னால் தேர்ச்சி பெற்று நெடுநாள் காத்திருப்பவருக்குக் கூடுதலாகவும் பின்னால் வந்தவருக்குக் குறைவாகவும் கிடைக்கும். இதைப் பார்த்தால் டெட்டைத் திரும்ப எழுதுவது உங்களுக்கு ஆதாயம் இல்லை என்பது புரியும். புதுத் தேர்ச்சியைக் காட்டினால் 2013 என்ற ஆண்டுக்கான சலுகையை நீங்களே விட்டுக்கொடுத்ததாகும். டெட் புத்தகத்தில் செலவிடும் ஆறு மாதத்தை பகுதி 'ஆ'-வில் போடுங்கள்.

ஆண்டு என்று வந்ததால் விண்ணப்பத்தில் நடக்கும் ஒரு தவறைச் சொல்லிவிட வேண்டும். உங்களைப் போல 82 முதல் 89 எடுத்தவர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். தேர்வு எழுதியது 2013. தளர்வு ஆணை வந்ததும் சான்றிதழ் கைக்குக் கிடைத்ததும் 2014. இணைய விண்ணப்பத்தில் 'டெட் தேர்ச்சி ஆண்டு' என்று கேட்கும்போது, சான்றிதழின் கீழே உள்ள தேதியைப் பார்த்து 2014 என்று போட்டுவிடுகிறார்கள். 2014-ல் நடந்தது மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புத் தகுதித் தேர்வு. நீங்கள் 2014 என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் பதிவெண் அந்தப் பட்டியலில் இருக்காது. ஆண்டுக்கான கூடுதல் மதிப்பெண்ணும் தப்பாகும். சான்றிதழின் தலைப்பில் எந்த ஆண்டுத் தேர்வு என்று இருக்கிறதோ அதையே போடுங்கள், அதாவது 2013. பதிவெண்ணையும் நகலைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடியுங்கள்.

2013-ல் விண்ணப்பம் காகிதப் படிவம். கட்டத்தில் எழுத்தெழுத்தாக நிரப்பினோம். அப்போது விட்ட எழுத்து இப்போதும் சான்றிதழில் இருக்கும். ஆகவே சான்றிதழைக் கையில் எடுத்துப் பெயரின் ஆங்கில எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி, வகுப்பு, தாள் எண், மதிப்பெண் ஆகியவற்றைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்துப் பிசகு இருந்தால் விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்பில் உள்ள பெயரையே போடுங்கள். பிசகைத் திருத்தித் தரக் கேட்டுப் பதிவெண், மூலத்தின் நகல், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகல் ஆகியவற்றோடு ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு இப்போதே பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். பதில் தாமதமானாலும் தபால் ரசீதும் மனு நகலும் சரிபார்ப்பின்போது கையில் இருக்கும். பிறந்த தேதியோ வகுப்போ தவறாக இருந்தால் தபாலோடு விடாதீர்கள், நேரில் போய்க் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முக்கியமாக வகுப்பு. 84-க்கு எதிரே வகுப்பு தவறாக இருக்கும் சான்றிதழ் தன்னைத்தானே மறுப்பது போல ஆகிவிடும்.

சான்றிதழை லேமினேஷன் செய்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. செய்யவில்லை என்றால் செய்ய வேண்டாம். பணியில் சேரும்போது பின்பக்கத்தில் சரிபார்த்ததற்கான முத்திரை போடுவார்கள்.

இனிஷியல் விஷயத்தில் பலர் அவசரப்பட்டு அரசிதழில் பெயர் மாற்றம் போட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு அது தேவையில்லை, செய்தால் வேலை கூடும். அரசிதழில் கணவர் இனிஷியலோடு பெயர் மாறினால், பத்தாம் வகுப்பிலிருந்து டெட் வரை எல்லாச் சான்றிதழும் ஒரு பெயரிலும் நீங்கள் ஒரு பெயரிலும் இருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த அரசிதழைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று, ஆதார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை ஆதாரமாகக் கொடுத்துப் பெயரை அப்பா இனிஷியலுக்குக் கொண்டுவாருங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு முறை மாற்றியிருப்பீர்கள், மீதமிருப்பது ஒன்று. மையத்துக்குப் போகும்போது எழுத்தைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். முகவரியில் கணவர் பெயர் இருப்பது பிரச்சினை இல்லை. வங்கிக் கணக்கில் பெயர் கொஞ்சம் மாறியிருந்தாலும் பரவாயில்லை, அதை வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். சரிபார்ப்புக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போங்கள், கேட்டால் காட்டலாம்.

வேலைகளின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆதாரைத் திருத்துங்கள், அது வந்த பிறகு புதிய சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். மாற்றிச் செய்தால் கணவர் பெயர் விழும் அந்தப் பழைய விபத்து மறுபடி நடக்கும்.

தமிழ் வழி ஒதுக்கீட்டை நீங்கள் கேட்க முடியாது. 20 சதவீத ஒதுக்கீடு தந்த 2010-ம் ஆண்டுச் சட்டம் முதலில் குறிப்பிட்ட தகுதிப் படிப்பைத் தமிழில் படித்தால் போதும் என்று இருந்தது. பின்னால் வந்த திருத்தத்தின்படி 1-ம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நீங்கள் 5 வரை தெலுங்கு. பன்னிரண்டாம் வகுப்பையும் டி.டி.எட்.டையும் தமிழில்தானே படித்தேன் என்று நினைத்து விண்ணப்பத்தில் 'ஆம்' போட்டுவிட்டால், சரிபார்ப்பில் 1 முதல் 5 வரைக்கான தலைமை ஆசிரியர் சான்றிதழைக் கேட்கும்போது நிற்க வேண்டிவரும். 'இல்லை' என்று போடுங்கள். உங்கள் பகுதியில், ஓசூர், தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி வரை, தெலுங்கிலோ கன்னடத்திலோ உருதுவிலோ தொடங்கித் தமிழுக்கு மாறியவர்கள் ஏராளம். அத்தனை பேருக்கும் இதே கதைதான். இந்த ஒதுக்கீடு இல்லை என்பதால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகாது, வகுப்புவாரி இடங்களுக்குப் போட்டியிடலாம்.

தெலுங்கு வழிப் பள்ளிப் பணியிடம் உங்களுக்குக் கைகொடுக்குமா என்று கேட்டால், டெட்டில் மொழிப் பாடம் 1-ஆக எதை எடுத்தீர்கள் என்று சான்றிதழில் பாருங்கள். தமிழ் என்றிருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம். சிறுபான்மை மொழி வழிப் பணியிடம் வரும்போது அந்த மொழியைப் பாடமாகப் படித்ததற்கும் டெட்டில் எடுத்ததற்கும் சான்று கேட்பார்கள்.

வயது உங்களுக்குத் தடையில்லை. 2023 அக்டோபரில் அரசு ஆசிரியர் நியமன வயது வரம்பைப் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தியது. 41 வயதில் கையில் ஆண்டுகள் இருக்கின்றன.

போட்டித் தேர்வு வேண்டாம் என்றால் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி ஒரு வழி. அங்கே நிர்வாகமே நியமிக்கும், மாவட்டக் கல்வி அலுவலர் ஒப்புதல் தர வேண்டும். உங்கள் 2013 சான்றிதழ் அங்கே நேரடியாக வேலை செய்யும். ஆனால் நியமன ஆணையைக் கையில் வாங்கியதும் சந்தோஷப்பட வேண்டாம். அந்தப் பணியிடம் மாணவர் எண்ணிக்கைப்படி அனுமதிக்கப்பட்டதா, ஆகஸ்ட் 1-ம் தேதி நிலவரப்படியான பணியாளர் நிர்ணயத்தில் அது இருக்கிறதா, நிரப்ப முன்அனுமதி பெற்றார்களா என்று எழுத்தில் கேளுங்கள். தொடக்கப் பள்ளிக்கு 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது அளவு. 40 பிள்ளைகள் உள்ள பள்ளியில் மூன்றாவது பணியிடம் என்று சொல்லி நியமித்தால் ஒப்புதல் வராது, சம்பளம் வராது. வேறு பள்ளியில் உபரி ஆசிரியர் இருந்தாலும் அவரைத்தான் முதலில் அனுப்புவார்கள். ஒப்புதல் மறுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் நிற்பவர்களின் டெட் சான்றிதழில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. குறை பணியிடத்தில்தான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஏற்கெனவே பணியில் இருக்கும், டெட் முடிக்காத ஆசிரியர்களைப் பற்றியது. ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் முடிக்க வேண்டும் என்ற அந்தக் கெடு உங்களுக்குப் பொருந்தாது. உங்களிடம் டெட் இருக்கிறது. நாளை வேலைக்குச் சேர்ந்து பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வுக்குப் போகும்போது மட்டும் தாள் 2 தேவைப்படும், தாள் 1 அங்கே பேசாது. அதேபோல் டி.டி.எட். இல்லாமல் பி.எட். வைத்துத் தாள் 1 எழுதித் தேர்ச்சி பெற்றவர்கள், சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும் என்பதை நம்பி 1 முதல் 5 வகுப்பு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் 11-ல் தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெட் உயிரோடு இருந்தாலும் அதன் அடியில் இருக்க வேண்டிய கல்வித் தகுதி இல்லை.

அறிவிக்கை வந்ததும் trb.tn.gov.in தளத்தில் உள்ள முழு அறிவிக்கையைப் படியுங்கள், வாட்ஸ்அப்பில் வரும் ஒரு பக்கச் சுருக்கம் போதாது. தகுதிகளை எந்தத் தேதிக்குள் பெற்றிருக்க வேண்டும் என்ற வரியையும், டெட் ஆண்டுக்கான கூடுதல் மதிப்பெண் அட்டவணையையும் தேடிப் பிடியுங்கள். 2014-ல் சான்றிதழ் சரிபார்ப்புக்கு உங்களை அழைத்திருந்தால் அந்த அழைப்புக் கடிதத்தைப் பழைய பையில் தேடி எடுத்து டெட் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். 84 எப்படித் தேர்ச்சியானது என்று ஓர் இளம் அலுவலர் புரியாமல் கேட்டால், அந்தக் கடிதத்தையும் அரசாணை 25-இன் நகலையும் மேசை மேல் வைத்தால் போதும்.